வேலையை விட்டுப் படிப்பதா, கம்பெனி தரும் பயிற்சியில் சேர்வதா?

வாசகர் கடிதம்

எனக்கு வயது 27. உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட முழுநேர மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கலாம் என்று ஆசை. கட்டணம் என்னுடைய பத்து மாதச் சம்பளம். பாதி சேமிப்பில் இருக்கிறது, மீதிக்கு 10 சதவீத வட்டியில் கடன் கிடைக்கும். இதைப் படித்த என் நண்பர்கள் இரண்டு பேர் என்னைவிட ஒன்றரை மடங்கு சம்பளம் வாங்குகிறார்கள். அப்படியானால் கூடுதல் சம்பளத்திலேயே 20 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் அல்லவா? இதற்கிடையில் கம்பெனி ஆறு மாதப் பயிற்சி தருவதாகச் சொல்கிறது. பயிற்சிக் காலத்தில் சம்பளத்தில் 10 சதவீதம் குறையும். முடித்தபின் இப்போதைய சம்பளத்தைவிட 15 சதவீதம் கூடும். ஆனால் மூன்று வருடத்துக்கு பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் போனால் ஆறு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். படிப்பு என்பது முதலீடு என்கிறார்கள். இந்த இரண்டில் எது நல்ல முதலீடு? பாண்ட் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதலீடு என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியிருப்பதால், ஒரு முதலீட்டைப் பார்ப்பதுபோலவே இதையும் பார்ப்போம். பொருளியலில் இது பழைய எண்ணம்தான். நிறைய உழைப்பையும் காலத்தையும் செலவிட்டு ஒரு தொழிலைக் கற்றவரை விலையுயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிடலாம் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். கற்க ஆன செலவைச் சாதாரணக் கூலிக்கு மேல் கிடைக்கும் கூலி ஈடுகட்ட வேண்டும், அதுவும் அவர் வேலை செய்யக்கூடிய காலத்துக்குள் ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் வாதம். 1960-களில் பொருளியலாளர்கள் தியோடர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் இதை ஒரு முறையான கணக்காக வளர்த்தார்கள். மனித மூலதனம் என்று இன்று சொல்வது அதைத்தான். அந்தக் கணக்கை உங்கள் நிலைமைக்குப் போட்டுப் பார்த்தால் 20 மாதம் என்ற விடை வராது.

கட்டணம் சின்னச் செலவு, சம்பளம்தான் பெரிய செலவு

உங்கள் இப்போதைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். கட்டணம் 1000. நீங்கள் எண்ணியது இதை மட்டும்தான். ஆனால் படிக்கும் 24 மாதமும் சம்பளம் வராது. அது 2400. இந்தப் பணம் உங்கள் கைக்கு வந்து போகாததால் செலவுபோலத் தோன்றுவதில்லை. ஆனாலும் படிப்புக்காக நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இதுதான். ஆக மொத்தம் 3400. வேலையில் இருக்கும் பெரியவர்கள் திரும்பப் படிக்கப் போகும்போது அநேகமாக எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். கட்டணத்தைவிட விட்டுக்கொடுக்கும் சம்பளம் பெரிதாக நிற்கும்.

இன்னொரு பக்கம், சாப்பாடு, வாடகை போன்றவற்றைப் படிப்பின் செலவில் சேர்க்க வேண்டாம். படித்தாலும் படிக்காவிட்டாலும் அவை உண்டு. படிப்பதால் கூடுதலாக ஆவது எவ்வளவோ அதை மட்டும் சேர்த்தால் போதும். ஆனால் சம்பளம் இல்லாத 24 மாதம் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது தனிக் கேள்வி. உங்கள் சேமிப்பு பாதிக் கட்டணத்துக்குத்தான் போதும் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய கடன் வாங்க வேண்டியிருக்கும். கணக்குப்படி லாபம் தரும் படிப்புகூட இந்த இடத்தில் பாதியில் நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வரவுப் பக்கம். உங்கள் நண்பர்கள் வாங்கும் 150, படிப்பு முடித்துச் சில ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகு வாங்குவதாக இருக்கும். புதிதாக முடித்தவருக்கு 140 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 40 கூடுதல், ஆண்டுக்கு 480. வெறுமனே வகுத்தால் 3400 திரும்பி வர 7 ஆண்டு ஆகும். ஆனால் பணத்துக்கு வட்டி உண்டு. கடனுக்கு 10 சதவீதம் என்றால் உங்கள் சொந்தப் பணத்துக்கும் அதே வட்டியை வைப்பது நியாயம், அந்தப் பணம் இருந்தால் அவ்வளவு கடன் வாங்க வேண்டாமே. அப்படிக் கணக்கிட்டால், படிப்பு முடியும் நாளில் 3400 ஏறத்தாழ 3750 ஆகியிருக்கும். ஆண்டுக்கு 480 வீதம் வட்டியும் முதலுமாக அதைத் தீர்க்க 14 ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

அதனால் படிப்பு நஷ்டம் என்று ஆகிவிடாது. 29 வயதில் முடித்து 58 வரை வேலை பார்த்தால் 29 ஆண்டு வரவு இருக்கிறது. அத்தனை ஆண்டையும் சேர்த்தால் இந்த முதலீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் ஈட்டுகிறது. 10 சதவீதக் கடனைவிட அது மேல்தான். இதே படிப்பை 45 வயதில் தொடங்குபவருக்கு 11 ஆண்டு வரவுதான் மிஞ்சும், வட்டியோடு பார்த்தால் போட்டது திரும்பாது. இளைஞர்கள் அதிகம் படிப்பதற்குக் காலம் கையில் இருப்பதும் ஒரு பெரிய காரணம்.

ஆனால் அந்த 13, மாதம் 40 என்ற இடைவெளியை நம்பி நிற்கிறது. இடைவெளி 32-க்குக் கீழே போனால் 10 சதவீத வட்டியைக்கூட ஈடுகட்டாது. (இரண்டு பக்கமும் வருடாந்தர உயர்வைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. விலைவாசியோடு சம்பளங்கள் ஏறும்போது இடைவெளியும் ஏறினால் கொஞ்சம் உங்களுக்குச் சாதகமாகச் சாயும்.) அப்படியானால் 40 என்பது எவ்வளவு நம்பத்தக்கது?

நண்பர்களின் சம்பளம் உங்கள் சம்பளம் அல்ல

இரண்டு நண்பர்களைப் பார்த்து முடிவெடுப்பதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவரும், முடித்தும் பழைய வேலைக்கே திரும்பியவரும் உங்கள் கண்ணில் படுவதில்லை. இன்னொன்று, அந்த நண்பர்கள் டிப்ளமோ இல்லாமலேகூட உங்களைவிட அதிகம் வாங்கியிருக்கலாம். அவர்களுடைய கணக்குத் திறனோ, தெரிந்தவர் வட்டமோ, அவர்கள் சேர்ந்த கம்பெனியோ காரணமாக இருக்கலாம். படிப்பால் வந்த கூடுதலையும், படிக்கப் போனவர்களிடம் முன்பே இருந்த கூடுதலையும் பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை. பல பதிற்றாண்டுகளாகப் பொருளியலாளர்கள் இதோடுதான் போராடுகிறார்கள்.

ஒரு பொது அளவுகோல் மட்டும் சொல்கிறேன். பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தைச் சராசரியாக 9 சதவீத அளவில் உயர்த்துகிறது என்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு 19 சதவீதம் என்று ஆகும். ஆபரேட்டரிலிருந்து வேறு நிலைக்கே மாற்றும் படிப்பு சராசரியைவிட அதிகம் தரலாம். ஆனாலும் 40 என்பது அதைப்போல் இரு மடங்கு. அவ்வளவு எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறதா என்று நீங்கள் நேரில் சரிபார்க்க வேண்டும்.

டிப்ளமோ நடத்தும் கல்வி நிறுவனத்தில் போய்க் கேளுங்கள்: மூன்று ஆண்டுக்கு முன் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்து ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே துறையில் இருக்கிறார்கள், அவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன? அதிகபட்சச் சம்பளத்தை மட்டும் சொல்லி, சேர்ந்தவர் எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் அளவு அனுபவத்தோடு டிப்ளமோ முடித்தவர் ஒருவரையும், அதே அனுபவத்தோடு டிப்ளமோ இல்லாமல் சி.என்.சி. புரோகிராமர் ஆனவர் ஒருவரையும் தேடிப் பேசுங்கள். அந்த இருவருக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்குத் தேவையான எண்.

வேலை விளம்பரங்களையும் பாருங்கள். டிப்ளமோ கட்டாயம் என்று எழுதியிருக்கிறதா, இன்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? முதலாளிகள் சான்றிதழைத் திறமைக்கான அடையாளமாகப் பார்க்கிறார்கள் என்று 1973-இல் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் வாதிட்டார். உங்கள் சந்தையில் சான்றிதழுக்குத்தான் மதிப்பு என்றால், ஒன்றரை வருடம் படித்து நின்றவருக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. வேலைத் திறனுக்கு மதிப்பு என்றால் பாதி படித்தாலும் பாதியாவது கைவசம் இருக்கும். பண நெருக்கடியில் நடுவில் நிற்க நேரிடுமோ என்ற நிலையில் இருப்பவருக்கு இது முக்கியமான வேறுபாடு.

பயிற்சியும் பாண்டும்

இப்போது கம்பெனி தரும் பயிற்சிக்கு வருவோம். உங்கள் செலவு ஆறு மாதத்துக்கு மாதம் 10, மொத்தம் 60. அப்புறம் மாதம் 15 கூடுதல். நான்கே மாதத்தில் திரும்பிவிடும். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 15 சின்னத் தொகைதான், ஆனால் போட்ட பணமும் மிகச் சின்னது.

கம்பெனி ஏன் இவ்வளவு செலவு செய்கிறது, ஏன் பாண்ட் கேட்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் குறையும். பெக்கர் 1964-இல் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்தக் கம்பெனியிலும் செல்லுபடியாகும் திறன் ஒன்று, இந்தக் கம்பெனியில் மட்டுமே உதவும் திறன் மற்றொன்று. வரைபடம் படிப்பது, மெஷினுக்குக் கட்டளையிடும் ஜி-கோட் எழுதுவது, டூல் ஆஃப்செட் திருத்துவது, மைக்ரோமீட்டரில் அளந்து சரிபார்ப்பது எல்லாம் முதல் வகை. உதிரிபாகத்தை மெஷினில் பிடித்துவைக்க இந்தக் கம்பெனி வைத்திருக்கும் சொந்த ஃபிக்ஸ்ச்சர்கள், அதன் உள் மென்பொருள், அதன் வாடிக்கையாளர்கள் கேட்கும் படிவங்கள் இரண்டாம் வகை. முதல் வகைத் திறனைக் கற்றுக்கொடுத்தால் அடுத்த கம்பெனி கூடுதல் சம்பளம் கொடுத்து உங்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். கற்றுக்கொடுத்தவர் கையில் செலவுதான் மிஞ்சும். அதனால் அந்தச் செலவைத் தொழிலாளியே ஏதோ ஒரு வடிவில் ஏற்க வேண்டிவரும் என்பது பெக்கரின் வாதம். குறையும் 10 சதவீதம் நீங்கள் ஏற்கும் பங்கு. பயிற்றுநர், மெஷின் நேரம், பயிற்சியில் வீணாகும் உலோகம் எல்லாம் கம்பெனியின் பங்கு. அதைத் திரும்ப எடுக்கும்வரை உங்களை வைத்திருக்கத்தான் பாண்ட்.

ஆகவே பாண்ட் இருப்பதே ஏமாற்று என்று எண்ண வேண்டாம். சொல்லப்போனால், அவர்கள் கற்றுத்தருவதில் வெளியிலும் விலைபோகும் திறன் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. அங்கே மட்டும் உதவும் திறன் என்றால் உங்களை வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை, கட்டிவைக்கவும் தேவையிருக்காது. ஆனாலும் பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்கி, எத்தனை வாரம் எந்த வகைக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பகுதி உள் மென்பொருளும் ஃபிக்ஸ்ச்சரும் என்றால், கம்பெனி மூடினாலோ உங்களை நிறுத்தினாலோ அந்த 15-உம் அதோடு போய்விடும். அப்படிப்பட்ட பயிற்சிக்கு மூன்று வருட பாண்ட் அதிகம்.

பாண்டில் நீங்கள் பேரம் பேச வேண்டிய இடம் தொகை எப்படிக் குறைகிறது என்பது. பயிற்சி முடிந்து ஓராண்டு ஆனதும் வெளியில் 135 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 115 இருக்கிறது, இடைவெளி 20, பாண்டில் இன்னும் 24 மாதம். போனால் அந்தக் காலத்தில் 480 கூடுதல் வரும். கட்ட வேண்டிய தொகை கடைசி நாள்வரை 600 என்றே நின்றால் போவதில் நஷ்டம். ஆண்டுக்கு 200 வீதம் குறையும் என்று எழுதியிருந்தால் 400 கட்டிவிட்டு 80 லாபத்தோடு போகலாம். கம்பெனி செய்த செலவும் உங்கள் உழைப்பால் மாதாமாதம் தீர்ந்துகொண்டுதான் வருகிறது. ஆகவே இப்படிக் கேட்பது நியாயமான கோரிக்கை. கம்பெனியே உங்களை வேலையிலிருந்து எடுத்தால் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்ற வரியும், பயிற்சி முடிந்ததும் கற்றவற்றைப் பட்டியலிட்டுச் சான்றிதழ் தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும். இப்படிப்பட்ட பாண்ட் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கையெழுத்திடும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எதோடு எதை ஒப்பிடுகிறோம்?

பயிற்சி கையில் இருக்கும்போது டிப்ளமோவின் கணக்கும் மாறுகிறது. மேலே நான் 140-ஐ 100-ஓடு ஒப்பிட்டேன். ஆனால் படிக்கப் போனால் நீங்கள் விடுவது 100-ஐ அல்ல, பயிற்சிக்குப் பின் வரும் 115-ஐ. இடைவெளி 25 ஆகச் சுருங்குகிறது. விட்டுக்கொடுக்கும் சம்பளமும் முதல் ஆண்டில் 1230, இரண்டாம் ஆண்டில் 1380 என்று ஏறிவிடுகிறது. 10 சதவீத வட்டியில் இதை ஈடுகட்ட மாதம் 34 இடைவெளி வேண்டும். இருப்பதோ 25. ஆகவே பயிற்சி உண்மையிலேயே கிடைக்கும் என்றால், வேலையை விட்டு முழுநேரம் படிப்பது உங்கள் எண்களின்படி சரிவராது. இதை உங்களிடம் மழுப்பாமல் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆனால் நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இதே டிப்ளமோவை மாலை நேரத்தில் நான்கு ஆண்டில் முடிக்க முடியுமா என்று விசாரியுங்கள். அப்போது சம்பளம் நிற்காது. செலவு கட்டணம் 1000 மட்டும், அதுவும் ஆண்டுக்கு 250 வீதம். கடனே தேவைப்படாமல் போகலாம். 31 வயதில் முடித்து 115-லிருந்து 140-க்குப் போனால், வட்டியோடு சேர்த்து 5 ஆண்டில் போட்டது திரும்பிவிடும். அதன்பின் இருபதாண்டுக்கு மேல் வரவு. மூன்று வருட பாண்டும் இதில் பெரிய சுமை இல்லை, எப்படியும் நான்கு வருடம் அங்கேயே இருக்கப்போகிறீர்கள்.

இதற்கும் விலை உண்டு. ஓவர்டைம் பார்ப்பவர் என்றால் அந்தப் பணம் குறையும், அதையும் செலவில் எழுதுங்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வகுப்பில் உட்காருவது உடலை வாட்டும். இப்படிப் படிப்பவர்களில் பாதியில் விடுபவர்கள் முழுநேரம் படிப்பவர்களைவிட அதிகமாக இருப்பது வழக்கம். ஷிப்ட் மாறினால் வகுப்பே போய்விடும். அதனால் பாண்டில் கையெழுத்திடும் அதே நேரத்தில், வகுப்பு நாட்களில் இரவு ஷிப்ட் போடமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். உங்களை மூன்று வருடம் வைத்திருக்க விரும்பும் கம்பெனிக்கு இது பெரிய செலவு இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது சிரமம்.

மாலை வகுப்பு எட்டும் தூரத்தில் இல்லையென்றால் பயிற்சியில் மட்டும் சேருங்கள். பாண்ட் முடியும்போது உங்களுக்கு 31 வயதுக்குள்தான் இருக்கும். அதற்குள் வெளியில் உங்கள் திறனுக்கு என்ன விலை என்று தெரிந்திருக்கும், கட்டணத்துக்கான சேமிப்பும் கூடியிருக்கும். அன்றைய சம்பளத்தை 100 என்று வைத்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். டிப்ளமோ இல்லாமலேயே 135-ஐ எட்டியிருந்தால் படிப்பின் இடைவெளி மிகவும் சுருங்கியிருக்கும். டிப்ளமோ இல்லாததால் மட்டும் உங்கள் விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டிருந்தால், முழுநேரப் படிப்பைப் பற்றி அப்போது மீண்டும் யோசிக்கலாம்.